லாபம் மூணு மடங்கு, ஆனா ஜனவரில பனி அடிச்சிருச்சு: தேயிலைக் கம்பெனி எம்டி கான்கால்ல முதல் எட்டு நிமிஷம் என்ன பேசணும்

ஜனவரி பாதிக்கு மேல போச்சுன்னா நீலகிரில ரெண்டு விஷயம் ஒண்ணா வந்து நிக்கும். ஒண்ணு உறைபனி. இன்னொண்ணு, ஷேர் மார்க்கெட்ல லிஸ்ட் ஆன தேயிலைக் கம்பெனிகளோட அக்டோபர்-டிசம்பர் ரிசல்ட். பங்குச் சந்தைய கண்காணிக்கற செபியோட ரூல்படி காலாண்டு முடிஞ்ச 45 நாளுக்குள்ள ரிசல்ட்ட போட்டாகணும், அதனால டிசம்பர் 31ல முடியற கணக்குக்கு பிப்ரவரி 14 தான் கடைசி. அப்போ எம்டி மைக்க ஆன் பண்ணி, பங்குகள அலசற அனலிஸ்ட்கிட்ட பேச உக்காரும்போது அவர் கையில இருக்கற பேப்பர்ல டிசம்பர் வரைக்கும் நல்லா ஓடுன கதை இருக்கும், ஜன்னலுக்கு வெளிய பள்ளத்து வயல்ல கருகிப்போன செடி இருக்கும். பேப்பர்ல இருக்கறத மட்டும் படிச்சா அது பொய் கிடையாது, ஆனா கேக்கறவங்க தப்பாதான் புரிஞ்சுக்குவாங்க. இத எப்படி பேசறதுங்கறதுதான் இந்தக் கட்டுரை.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். ரிசல்ட் வந்த அன்னைக்கோ ஓரிரு நாள் கழிச்சோ கம்பெனி ஒரு போன் கான்ஃபரன்ஸ் வைக்கும், அதுக்குப் பேர்தான் கான்கால். முதல்ல மாடரேட்டர் வந்து எல்லார் லைனும் மியூட்ல இருக்குன்னு சொல்லுவாரு, அடுத்து ஒருத்தர் வந்து இதுல எதிர்காலம் பத்தி பேசறது எல்லாம் மாறலாம்னு ஒரு பத்தி மூச்சு விடாம படிப்பாரு, அப்புறம் எம்டி ஆறுலேருந்து பத்து நிமிஷம் பேசுவாரு, அவருக்குப் பின்னாடி நிதிப் பொறுப்பு பாக்கற சிஎஃப்ஓ நம்பர் வாசிப்பாரு, அப்புறம் கேள்வி பதில். பெரிய ஐடி கம்பெனி காலுன்னா நூத்துக்கணக்குல ஆள் இருப்பாங்க, நம்ம மலைக் கம்பெனி காலுன்னா இருபது முப்பது பேர் வந்தாலே பெருசு, அதுலயும் பாதிப்பேர் சொந்தக் காசு போட்ட சின்ன முதலீட்டாளர்கள். ஆனா யார் வேணும்னாலும் பின்னாடி கேக்கலாம். கால் நடந்த ஆடியோவ அடுத்த டிரேடிங் நாளுக்கு முன்னாடி இல்லன்னா 24 மணி நேரத்துக்குள்ள, எது முந்தியோ அதுக்குள்ள வெளியிடணும், எழுத்து வடிவத்த 5 வேலை நாளுக்குள்ள போடணும்னு 2022 ஏப்ரல்லேருந்து கட்டாயம். கால் இங்கிலீஷ்லதான் நடக்கும், நான் இங்க தமிழ்லயே எழுதறேன்.

நான் இருக்கறது கோத்தகிரில, பொழப்பு எஸ்டேட் கம்பெனிகளோட அக்கவுண்ட்ஸ் பக்கம், இந்த மாதிரி ஓபனிங் ஸ்பீச் டிராஃப்ட் நிறைய கைல வந்து போயிருக்கு. எந்தக் கம்பெனியையும் சொல்லாம, கணக்கு புரியறதுக்காக நானே ஒரு கம்பெனிய உருவாக்கிக்கறேன். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவுல 400 ஹெக்டேர் தேயிலை, சொந்த ஃபாக்டரி, தூள விக்கறது பெரும்பாலும் குன்னூர் ஏலத்துல. நம்பர் எல்லாம் கற்பனை, ஆனா கணக்கு போற விதம் நிஜக் கம்பெனில எப்படியோ அப்படியேதான்.

போன வருஷம் அக்டோபர்-டிசம்பர்ல இந்தக் கம்பெனி 10 லட்சம் கிலோ தூள கிலோ 120 ரூபாய்க்கு வித்துச்சு. 12 கோடி. செலவு 11 கோடியே 40 லட்சம், நின்னது 60 லட்சம். இந்த வருஷம் அதே மூணு மாசத்துல 9 லட்சம் கிலோ, விலை 150 ரூபாய். 13 கோடியே 50 லட்சம். செலவு 12 கோடியே 20 லட்சம், தேயிலைல நின்னது 1 கோடியே 30 லட்சம். இதுக்கு மேல எஸ்டேட்ல இருந்த வயசான சில்வர் ஓக் மரங்கள பர்மிஷன் வாங்கி வெட்டி வித்ததுல ஒரு 50 லட்சம். ஆக மொத்தம் 1 கோடியே 80 லட்சம். போன வருஷத்த விட சரியா மூணு மடங்கு.

இப்போ பொதுவா வர்ற முதல் டிராஃப்ட் எப்படி இருக்கும்னு பாருங்க. "இந்தக் காலாண்டு நம்ம கம்பெனிக்கு மிகச் சிறப்பான ஒன்று. வருமானம் பன்னிரண்டரை சதவீதம் உயர்ந்து லாபம் மூணு மடங்காகியிருக்கு. தரத்துல நாங்க காட்டின கவனமும் எங்க டீமோட உழைப்பும் இந்த விலைய பெற்றுத் தந்திருக்கு. பருவநிலை சம்பந்தமா சில சவால்கள் இருந்தாலும் நீண்ட கால நோக்குல நாங்க மிகுந்த நம்பிக்கையோட இருக்கோம்." இதுல ஒரு நம்பர் கூட தப்பு கிடையாது, ஆடிட்டர் கூட எதுவும் சொல்ல முடியாது. ஆனா இதக் கேட்டுட்டு பங்கு வாங்கினவன் மே மாசம் எம்டிய திட்டுவான், திட்டறதுல நியாயமும் இருக்கும்.

என்ன பிரச்சனைன்னு ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாக்கலாம்.

முதல்ல மரம். அம்பது லட்சம் மரத்துல வந்த காசு, அது அடுத்த காலாண்டு வராது, வெட்டுன மரம் மறுபடி வளரவே பல வருஷம் ஆகும். அதக் கழிச்சா லாபம் 60 லட்சத்துலேருந்து 1 கோடியே 30 லட்சம், ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல. அதுவே நல்ல சேதிதான், அத எதுக்கு மூணு மடங்குன்னு ஊதணும்? கணக்குல இதர வருமானம்னு தனி வரில வந்துடுதேன்னு சிலர் சொல்லுவாங்க, வரும்தான், ஆனா எம்டி வாயிலேருந்து மூணு மடங்குன்னு ஒரு தடவை வந்துச்சுன்னா மறுநாள் நியூஸ்ல அதுதான் தலைப்பு, அந்த தனி வரிய யார் போய் பாக்கறா.

அடுத்தது விலை. இதுதான் உண்மைல முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமா பாக்கணும். விலை 30 ரூபாய் ஏறினதால 9 லட்சம் கிலோவுக்கு 2 கோடியே 70 லட்சம் கூட வந்துச்சு. ஒரு லட்சம் கிலோ குறைஞ்சதால பழைய விலைக்கு 1 கோடியே 20 லட்சம் போச்சு. மிச்சம் ஒண்ணரை கோடி, அதுல செலவு ஏறினது 80 லட்சம் போக 70 லட்சம் லாபத்துல கூடியிருக்கு. அதாவது இந்தக் காலாண்டோட வளர்ச்சி முழுக்க முழுக்க விலையால வந்தது, விளைச்சல் பாத்தா பின்னாடிதான் போயிருக்கு. இந்த 30 ரூபாய் யாரோடது? "தரத்துல நாங்க காட்டின கவனம்"னு டிராஃப்ட் சொல்லுது. குன்னூர் ஏலம் வாரா வாரம் நடக்குது, சராசரி விலை வெளிய வருது, யார் வேணும்னாலும் எடுத்து ஒப்பிட்டுப் பாக்கலாம். அதே மூணு மாசத்துல ஏல சராசரி 28 ரூபாய் ஏறியிருந்துச்சுன்னு வெச்சுக்கோங்க, அப்போ தரத்துக்குக் கிடைச்சது 2 ரூபாய், மிச்சம் 28 எல்லாருக்கும் கிடைச்சது, சுமாரா தூள் போடறவனுக்கும் கிடைச்சது. அந்த 2 ரூபாய தாராளமா பெருமையா சொல்லலாம், நம்ம ஏலத்துல சராசரிய விட கிலோவுக்கு 2 ரூபாய் கூட எடுக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல. முப்பதையும் நம்மதுன்னு சொன்னா, விலை இறங்கும்போது அந்த இறக்கமும் நம்மதுதான்னு ஒத்துக்கணும், அங்க எந்த எம்டியும் ஒத்துக்கமாட்டாரு, அப்போ மட்டும் "சந்தை நிலவரம்"னு சொல்லுவாரு.

மூணாவது, யாரும் ஓபனிங்ல சொல்லாத ஒரு நம்பர், கிலோ உற்பத்திச் செலவு. போன வருஷம் 11.40 கோடிய 10 லட்சத்தால வகுத்தா 114 ரூபாய். இந்த வருஷம் 12.20 கோடிய 9 லட்சத்தால வகுத்தா கிட்டத்தட்ட 136 ரூபாய். எஸ்டேட்ல செலவோட பெரும் பங்கு கூலி, அது இலை குறைஞ்சதுன்னு குறையாது, களை எடுக்கணும், மருந்து அடிக்கணும், ஃபாக்டரில பாதி லோடு ஓடினாலும் ஆள் இருக்கணும். அதனால விளைச்சல் குறையக் குறைய ஒவ்வொரு கிலோ மேலயும் பாரம் ஏறிக்கிட்டே போகும். இப்போ ஏலத்துல விலை 150லேருந்து 136க்கு வந்துச்சுன்னா இந்தக் கம்பெனிக்கு தேயிலைல லாபமே கிடையாது. போன வருஷம் 120 ரூபாய்க்கு வித்து லாபம் பாத்த அதே கம்பெனிக்கு இந்த வருஷம் 136 போதாது. "லாபம் மூணு மடங்கு"ங்கற வார்த்தைக்கு அடில இது ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. அனலிஸ்ட்கள்ல விவரமானவன் ரெண்டு நிமிஷத்துல இத போட்டுடுவான், அவன் கேக்கறதுக்கு முன்னாடி எம்டியே சொல்லிட்டா அவர் மேல மரியாதை வரும், அவன் கேட்டு இவர் சொன்னா மறைச்ச மாதிரி இருக்கும், நம்பர் என்னமோ ஒண்ணுதான்.

இப்போ பனிக்கு வர்றேன்.

காத்து இல்லாத, மேகம் இல்லாத ராத்திரில குளிர் காத்து சரிவுல இறங்கி பள்ளத்துல போய் தேங்கும். அதனால ஒரே எஸ்டேட்ல மேட்டு வயல் பச்சையா இருக்கும், கீழ ஓடைப் பக்கம் இருக்கற வயல் விடிஞ்சு வெயில் பட்டதும் கொழுந்து கருகி காபிப்பொடி நிறத்துக்குப் போயிடும். நம்ம கற்பனைக் கம்பெனில ஜனவரி மூணாவது வாரத்துல 60 ஹெக்டேர் இப்படி போச்சு. அந்தச் செடில கருகின கிளைய வெட்டி, அதாவது கவாத்து பண்ணி, மறுபடி துளிர் வந்து பறிப்புக்கு வரணும்னா சில மாசம் ஆகும்.

இது கணக்குல எங்க வரும்? டிசம்பர் காலாண்டு கணக்குல வராது. டிசம்பர் 31க்கு அப்புறம் நடந்த புது சம்பவம், அந்தத் தேதில இல்லாத நிலைமை, அதனால இந்தியக் கணக்கியல் தரம் 10ன்படி பழைய நம்பர திருத்த மாட்டாங்க, பெருசா இருந்தா குறிப்புல எழுதுவாங்க. அதுனாலதான் இது ஆபத்து. சிஎஃப்ஓ வாசிக்கற எந்த வரிலயும் பனி இல்ல, ஆடிட்டர் பாத்த பேப்பர்லயும் இல்ல, எம்டி வாயத் திறந்து சொன்னாதான் உண்டு. சொல்லாம விட்டா சட்டப்படி தப்பா இல்லையான்னு வக்கீல்கள் பேசிக்கட்டும், அதுக்குள்ள போகல. இயற்கைப் பேரிடரால வேலை பாதிச்சு அது கம்பெனி அளவுக்குப் பெரிய விஷயமா இருந்தா எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவிக்கணும்னு செபியோட லிஸ்டிங் விதிகள்ல இருக்கு. அதனால சரியான வரிசை என்னன்னா பனில எத்தனை ஹெக்டேர் போச்சுங்கற விவரம் கால்ல முதல் முறையா வரக்கூடாது, அதுக்கு முன்னாடியே எக்ஸ்சேஞ்ச்ல போட்ட பிரசன்டேஷன்லயோ பிரஸ் ரிலீஸ்லயோ இருக்கணும், எம்டி கால்ல அத எடுத்து விளக்கணும். கால்ல இருந்த முப்பது பேருக்கு மட்டும் முதல்ல தெரிஞ்சுதுங்கற பேச்சுக்கே இடம் இருக்காது.

இதுல நம்ம ஊருக்கே உரிய ஒரு வேடிக்கை இருக்கு. கருகின வயல் ரோட்டு ஓரத்துல இருக்கும், பஸ்ல போற அத்தனை பேரும் பாத்திருப்பாங்க, டீக்கடைல "அந்த எஸ்டேட் கீழ் டிவிஷன் முழுசா போச்சாம்"னு பேச்சு ஓடும், மும்பைல உக்காந்திருக்கற அனலிஸ்ட்டுக்கு மட்டும் தெரியாது. ஆனா வெளிய தெரியற கருகல் ஒண்ணு, மொத்தம் எத்தனை ஹெக்டேர், எத்தனை கிலோ குறையும்ங்கற உள் கணக்கு வேற. ஃபீல்டு ஆபீசர் நோட்ல எழுதின அந்த ரெண்டாவது நம்பர் வெளியிடப்படாத விலை பாதிக்கற தகவலா ஆகலாம், அத வெச்சு ஆபீஸ்ல இருக்கறவங்க பங்கு வாங்கவோ விக்கவோ கூடாது. காலாண்டு முடிஞ்ச நாள்லேருந்து ரிசல்ட் வந்து 48 மணி நேரம் வரைக்கும் உள்ளாளுங்க கம்பெனி பங்க வாங்கி விக்க முடியாது, டிரேடிங் விண்டோ மூடித்தான் இருக்கும், அது ஞாபகம் இருந்தா போதும்.

சரி, அப்போ எம்டி எப்படிப் பேசலாம்? நான் எழுதினா இப்படி எழுதுவேன்.

"எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வர்றேன். டிசம்பர் காலாண்டுல நம்ம தேயிலை லாபம் 60 லட்சத்துலேருந்து 1 கோடியே 30 லட்சத்துக்கு வந்திருக்கு. ரிசல்ட் ஷீட்ல நீங்க பாக்கற 1 கோடியே 80 லட்சத்துல 50 லட்சம் சில்வர் ஓக் மரம் வித்தது, அது இனி வராது, உங்க கணக்குல அத சேக்காதீங்க. லாபம் கூடினதுக்குக் காரணம் விலை. கிலோவுக்கு 30 ரூபாய் கூட கிடைச்சுது, அதுல 28 ரூபாய் குன்னூர் ஏலத்துல எல்லாருக்கும் ஏறினது, 2 ரூபாய் எங்க தூளுக்குன்னு கிடைச்சது. அந்த 2 ரூபாய்க்காக ஃபாக்டரில ராத்திரி ஷிஃப்ட் வரைக்கும் நின்ன எங்க ஆட்களுக்கு நன்றி சொல்லிக்கறேன். விளைச்சல் 10 சதவீதம் குறைஞ்சிருக்கு. அதனால கிலோ செலவு 114லேருந்து 136 ஆயிருக்கு. விலை 136க்குக் கீழ போனா இந்த அளவு விளைச்சல்ல எங்களுக்கு லாபம் இருக்காது, இத நான் மறைக்க விரும்பல.

காலைல எக்ஸ்சேஞ்ச்ல போட்ட பிரசன்டேஷன்ல பாத்திருப்பீங்க, ஜனவரில உறைபனி அடிச்சு 400ல 60 ஹெக்டேர் போயிடுச்சு. அந்த வயல்லேருந்து ஏப்ரல் கடைசி வரைக்கும் இலை எதிர்பாக்கல. போன வருஷம் ஜனவரி-மார்ச்ல 5 லட்சம் கிலோ வித்தோம், இந்த வருஷம் அதுல 60 ஆயிரத்துலேருந்து 80 ஆயிரம் கிலோ வரைக்கும் குறையலாம். இந்த மூணு மாசம் எங்களுக்கு எப்பவுமே நஷ்டக் காலாண்டு, இந்த வருஷம் நஷ்டம் கொஞ்சம் கூடுதலா இருக்கும்னு எடுத்துக்கோங்க. பிப்ரவரில இன்னொரு பனி வந்தா இந்தக் கணக்கும் மாறும். செடி செத்துப்போகல, கவாத்து ஆரம்பிச்சாச்சு, பட்டது இலையும் மேல் கிளையும்தான். விவரத்த சிஎஃப்ஓ சொல்லுவாரு, அப்புறம் உங்க கேள்விக்கு வர்றேன்."

வாசிச்சுப் பாத்தா ரெண்டு நிமிஷம் கூட ஆகாது, மிச்ச ஆறு நிமிஷத்துல கவாத்துத் திட்டம், கூலி, ஏற்றுமதின்னு பேசிக்கலாம். இதுல நான் கவனமா வெச்ச சில விஷயத்த மட்டும் சொல்றேன். நல்ல சேதிய முதல்லயே வெச்சிருக்கேன், ஏன்னா அதுவும் உண்மைதான், லாபம் ரெண்டு மடங்குக்கு மேல ஆனத முனகிக்கிட்டே சொல்றதுல ஒரு அர்த்தமும் இல்ல. சில எம்டிங்க ஜாக்கிரதைங்கற பேர்ல எல்லாத்தையும் அழுதுக்கிட்டே சொல்லுவாங்க, அடுத்த காலாண்டு எதிர்பாத்தத விட நல்லா வந்தா கெத்தா இருக்கும்னு ஒரு கணக்கு, அதுவும் ஒரு வகை ஏமாத்துதான். ஆனா நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவுல மூணு நிமிஷம் இடைவெளி விடல. விலை ஏறுச்சு, விளைச்சல் குறைஞ்சுச்சு, அதனால செலவு ஏறுச்சுன்னு ஒரே சங்கிலியா போகுது, ஏன்னா உண்மைல அது ஒரே சங்கிலி. நம்ம பக்கமே இலை கம்மியா வந்ததாலதான் ஏலத்துல விலை ஏறிச்சுன்னா, அந்த ரெண்டையும் தனித்தனியா நல்ல சேதி கெட்ட சேதின்னு பிரிக்கறதே செயற்கை.

இன்னொண்ணு, கெட்ட சேதிக்கும் நம்பர் கொடுத்திருக்கேன். "சில சவால்கள்" மாதிரி வார்த்தைய வெச்சா கேக்கறவன் மனசுல அது பூஜ்யமாவும் ஆகலாம், பாதி எஸ்டேட்டாவும் ஆகலாம். நல்லதுக்கு தசமப் புள்ளி வரைக்கும் போய்ட்டு கெட்டதுக்கு பெயரடையோட நிறுத்தினா அங்கதான் ஏதோ இருக்குன்னு அர்த்தம். அதே சமயம் 60 ஆயிரத்துலேருந்து 80 ஆயிரம்னு ஒரு வரம்பா சொல்லியிருக்கேன், 71,500னு சொல்லல, ஏன்னா துளிர் எப்ப வரும்னு அந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது, தெரியாத இடத்துல துல்லியம் காட்டறதும் பொய்தான். 60 ஹெக்டேர்ங்கறது 15 சதவீதம், 5 லட்சத்துல 15 சதவீதம் 75 ஆயிரம், அத சுத்தி மேலயும் கீழயும் கொஞ்சம் விட்டிருக்கு, கேக்கறவன் தானே கணக்குப் போட்டு சரிபாத்துக்கலாம்.

ஒப்பீடும் முக்கியம். தேயிலைல போன காலாண்டோட இந்தக் காலாண்ட ஒப்பிடறது வீண் வேலை, சீசன் அப்படி. அதனாலதான் தேயிலைக் கம்பெனிகளோட ரிசல்ட் அடில, தேயிலை பருவத் தொழில், ஒரு காலாண்ட வெச்சு முழு வருஷத்த கணிக்காதீங்கங்கற மாதிரி ஒரு குறிப்பு அடிக்கடி இருக்கும். போன வருஷம் இதே மூணு மாசத்தோடதான் ஒப்பிடணும். எம்டி ஒரு வாக்கியத்துல போன வருஷத்தோட ஒப்பிட்டு, அடுத்த வாக்கியத்துல போன காலாண்டோட ஒப்பிட்டு, இன்னொரு இடத்துல ஒன்பது மாசக் கணக்குக்குத் தாவினாருன்னா, எந்த ஒப்பீட்டுல அழகா வருதோ அதப் பொறுக்கி எடுக்கறாருன்னு அர்த்தம். கேக்கும்போது ஓரத்துல ஒரு பேப்பர்ல எழுதிக்கிட்டே வந்தா இது சட்டுன்னு தெரிஞ்சுடும்.

வார்த்தைய வெச்சு பொய்ய கண்டுபிடிக்க முடியுமான்னு ஆராய்ச்சியே நடந்திருக்கு. 2012ல லார்க்கர், ஜகோல்யுகினான்னு ரெண்டு பேர், அமெரிக்கக் கம்பெனிகளோட கான்கால்கள எடுத்து, பின்னாடி கணக்கத் திருத்தி வெளியிட்ட கம்பெனிகள்ல சிஇஓவும் சிஎஃப்ஓவும் அப்போ எப்படிப் பேசியிருந்தாங்கன்னு பாத்தாங்க. "உங்களுக்கே தெரியும்"ங்கற மாதிரி பொதுவா எல்லாருக்கும் தெரிஞ்சதுன்னு சொல்லி கடக்கறதும், "அபாரம்" மாதிரி உச்சக்கட்ட வார்த்தையும் அங்க கூடுதலா இருந்துச்சு. ஆனா அவங்க பாத்தது கேள்வி-பதில் பகுதி, எழுதி வெச்சு படிக்கற ஓபனிங் கிடையாது, கண்டுபிடிச்ச திறமையும் சும்மா குருட்டாம்போக்குல சொல்றத விட கொஞ்சம்தான் மேல. அதனால ஒருத்தர் "அபாரம்"னு சொன்னதுக்காக பங்க வித்துடாதீங்க. எனக்கு அத விட நம்பகமாத் தெரியறது எழுவாய்தான். நல்லது நடந்தா "நாங்க செஞ்சோம்", கெட்டது நடந்தா "சந்தை செஞ்சது, வானிலை செஞ்சது, உற்பத்தி பாதிக்கப்பட்டது". மேல கொடுத்த முதல் டிராஃப்ட மறுபடி படிச்சீங்கன்னா அது அப்படியே இருக்கும்.

ஓபனிங்ல விட்டது கேள்வி நேரத்துல வந்து நிக்கும்ங்கறதுக்கு பழைய உதாரணம் ஒண்ணு உண்டு. 2001 ஏப்ரல்ல என்ரான் கம்பெனி கான்கால்ல ஒரு அனலிஸ்ட், மத்தவங்க எல்லாம் ரிசல்ட்டோட பேலன்ஸ் ஷீட்டும் கொடுக்கறாங்க, உங்களால மட்டும்தான் கொடுக்க முடியலன்னு சொன்னாரு, சிஇஓ ஜெஃப் ஸ்கில்லிங் அதுக்கு நேரா பதில் சொல்லாம அவர கெட்ட வார்த்தைல திட்டினாரு. அந்த வருஷம் டிசம்பர்ல என்ரான் திவால். நம்ம ஊர் எம்டி யாரும் அப்படித் திட்ட மாட்டாரு, "அத ஆஃப்லைன்ல பேசிக்கலாம்"னு மரியாதையா சொல்லுவாரு, கணக்கு டீடெயில் ஏதாவது சின்னதா கேட்டா அது சரிதான், ஆனா எத்தனை ஹெக்டேர் போச்சுன்னு கேட்டதுக்கு ஆஃப்லைன்னு பதில் வந்தா அது ரொம்பத் தப்பு. ஒருத்தருக்குத் தனியா சொல்லக்கூடாத விஷயமே அதுதான்.

இங்க ஒரு பக்கக் கேள்வி வரும், அதையும் சொல்லிடறேன், ஏன்னா எங்க ஊர்ல இதத்தான் அதிகமா கேப்பாங்க. "அண்ணா, கம்பெனிக்கு மூணு மடங்கு லாபம்னு பேப்பர்ல போட்டிருக்கான், எங்க பச்சைத் தேயிலைக்கு மட்டும் ஏன் ஏறல?" சிறு விவசாயி இலை போடறது பெரும்பாலும் வேற ஃபாக்டரிக்கு, அவருக்குக் கிடைக்கற விலை அந்த மாச ஏல சராசரியப் பொறுத்தது, எஸ்டேட் கம்பெனியோட லாபத்துல மரம் வித்த காசு, போன வருஷம் மோசமா இருந்ததால பெருசாத் தெரியற சதவீதம் எல்லாம் கலந்திருக்கு. எம்டி மரத்தையும் விலையையும் பிரிச்சு சொல்லியிருந்தா, 120 போய் 150 ஆன அந்த 25 சதவீதம்தான் இவரோட ஒப்பிட வேண்டிய நம்பர்னு அவருக்கும் புரிஞ்சிருக்கும். எம்டி ஓபனிங் எழுதும்போது இவங்க மனசுல இருக்க மாட்டாங்க, ஆனா மறுநாள் அந்தத் தலைப்பப் படிக்கறது இவங்களும்தான்.

கடைசியா, இந்த ஸ்பீச் உண்மைன்னு தெரியறது பிப்ரவரில கிடையாது. ஜனவரி-மார்ச் ரிசல்ட் முழு வருஷ ஆடிட்டோட சேர்ந்து வரும், அதுக்கு 60 நாள் டைம், மே 30 வரைக்கும். அந்தக் கால் வரும்போது பிப்ரவரி டிரான்ஸ்கிரிப்ட பக்கத்துல திறந்து வெச்சுக்கோங்க. எம்டி 60லேருந்து 80 ஆயிரம் கிலோ குறையும்னாரு, எவ்வளவு குறைஞ்சுது? ஒரு லட்சம் குறைஞ்சிருந்தா, பிப்ரவரில இன்னொரு பனி வந்துச்சா, கவாத்து லேட்டாச்சா, இல்ல முதல்லயே 60 ஹெக்டேர்ங்கறது குறைச்சுச் சொன்னதா? அந்த 60 ஹெக்டேர்ல ஏப்ரல் கடைசில பறிப்பு ஆரம்பிச்சுதா? இத எம்டியே ஓபனிங்ல எடுத்துச் சொன்னா ஒரு வகை, உறைபனிங்கற வார்த்தையே மே மாச கால்ல வராம புது ஃபாக்டரி மிஷின் பத்தி பேச்சு ஆரம்பிச்சா வேற வகை. ரெண்டாவது வகைன்னா கேள்வி நேரத்துல உங்க முறை வரும்போது முதல் கேள்வி எதுன்னு உங்களுக்கே தெரியும், பட்டன அமுத்தி லைன்ல நில்லுங்க.